நீதி நூல்கள் நதி நூல்களான கதை

ஊர் நூலகம் ஒன்றின் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். பிழை பார்த்துத் தரும்படி நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். மொத்தம் 640 தலைப்புகள். திறந்ததும் கண்ணில் பட்டது ‘கலவி உளவியல’. அடுத்தது ‘சகதி வழிபாடு’. கொஞ்சம் கீழே ‘நதி நூலகள’. ஆறுகளைப் பற்றி ஏதோ புத்தகம் என்று தாண்டிப் போய்விட்டேன். ஆசிரியர் பெயரைப் பார்த்த பிறகுதான் அது நீதி நூல்கள் என்று உறைத்தது.

“டைப் பண்ணின பிள்ளை அவசரத்துல புள்ளியை விட்டிருக்கும், விடுங்க சார்” என்றார் நண்பர்.

அவசரத்தில் கை தவறினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விடும். இங்கே 640 தலைப்புகளிலும் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. அதோடு, ‘நீதி’ நதியானதற்குப் புள்ளி காரணமே அல்ல. ‘நீ’யின் தலையில் சுழித்து நிற்கும் ஈகாரக் குறி போயிருக்கிறது. ‘வீட்டுத் தோட்டம்’ பட்டியலில் ‘வடடுத தோடடம’ என்று நின்றது. அதில் ஓகாரம் பத்திரமாக இருக்கிறது, உகரம் இருக்கிறது. புள்ளியும் ஈகாரமும் மட்டும் காணோம். இப்படிப் பொறுக்கியெடுத்து அழிப்பது மனிதக் கை அல்ல, ஒரு நிரல்.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, கணினி தமிழை எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் இலக்கணத்தில் ‘க்’ என்பதுதான் முதல். அதோடு அகரம் சேர்ந்தால் ‘க’. யூனிகோட் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அங்கே ‘க’ ஒரே குறியீடு. ‘க்’ எழுத அந்தக் ‘க’வுக்குப் பின்னால் புள்ளிக்கென்று U+0BCD என்ற இன்னொரு குறியீட்டைச் சேர்க்க வேண்டும். ஆகவே ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கடைசி ஒன்று உதிர்ந்தால் ‘தமிழ’. சொல் உடைவதில்லை, கட்டம் கட்டமாகத் தெரிவதுமில்லை. ஒழுங்கான தமிழ் எழுத்துகளாகவே மிஞ்சுகிறது. அதனால்தான் இந்தப் பிழை நெடுநாள் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறது.

யூனிகோட் ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு வகையில் சேர்த்திருக்கிறது. ா, ி, ு, ெ போன்றவை வரியில் தமக்கென இடம் பிடிக்கும் குறிகள். புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காமல் எழுத்தின் மேல் உட்காரும் குறிகள். இகரம் ஒரு வகையாகவும் ஈகாரம் வேறு வகையாகவும் போனது எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது, ஆனால் ஏற்பாடு அதுதான். பிரெஞ்சு மொழியில் é என்ற எழுத்தின் மேலுள்ள கீற்றும் இதே இரண்டாம் வகை. தேடலுக்கு வசதியாக é, e இரண்டையும் ஒன்றாக்க, மேலே உட்காரும் குறிகளையெல்லாம் அழித்துவிடும் நிரல்கள் உண்டு. பிரெஞ்சுக்கு அதனால் பெரிய சேதமில்லை. அதே நிரல் வழியாகத் தமிழ் போனால் புள்ளியும் ஈகாரமும் சேர்ந்து துடைபடும். நூலகத்தில் பட்டியலை ஏற்றிய மென்பொருளில் அப்படி ஒரு ‘சுத்தம் செய்யும்’ படி இருந்தது. தட்டச்சு செய்த பெண் மேல் ஒரு தவறும் இல்லை.

எது விழுந்திருக்கிறது என்று பார்த்தால் தள்ளிவிட்டது யார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ‘தமிழ்’ என்பது ‘தமழ’ என்று வந்தால், இகரமும் சேர்ந்து போயிருக்கிறது. எழுத்தல்லாததையெல்லாம் நீக்கு என்று எழுதிய நிரல், நம் துணைக்குறிகளையும் எழுத்தல்ல என்று எண்ணிவிட்டது. ‘வணக்கம’ என்று நடுப்புள்ளி சரியாக இருந்து கடைசிப் புள்ளி மட்டும் இல்லையென்றால், அது தமிழ்99 விசைப்பலகையில் அடித்தவரின் கை. அந்தப் பலகையில் ‘க’வை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் ‘க’வுக்குப் புள்ளி தானாக வந்துவிடும். ‘ங’வுக்குப் பின் ‘க’, ‘ம’வுக்குப் பின் ‘ப’ போன்ற இன இணைகளுக்கும் அப்படியே. சொல்லின் இறுதியில் வரும் ‘ம்’முக்கு மட்டும் `f` விசையை நாமே தட்ட வேண்டும். கை அதை மறக்கிறது.

பாமினி எழுத்துருவில் சேமித்த பழைய கோப்புகளின் கதை வேறு. அதில் ‘வணக்கம்’ என்பது உண்மையில் `tzf;fk;` என்று கிடக்கும். நடுவிலும் கடைசியிலும் நிற்கும் அரைப்புள்ளிதான் நம் புள்ளி. நிறுத்தக்குறிகளை நீக்கிவிட்டு யூனிகோடுக்கு மாற்றினால் எல்லாப் புள்ளியும் போய்விடும், ஈகாரம் தப்பிவிடும்.

சரி, புள்ளி இல்லாமலும் படிக்க முடிகிறதே? முடியும். நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் படித்தார்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே இடவில்லை. மெய்ம்மயக்கம் என்று இலக்கணம் சொல்லும் ஒழுங்கு கைகொடுத்தது. ‘ங’வும் ‘க’வும் அடுத்தடுத்து நின்றால் ‘ங்க’ என்றுதான் இருக்க முடியும். வல்லின மெய்யில் எந்தத் தமிழ்ச் சொல்லும் முடியாது. க், ச், த், ப் நான்கும் தம் வரிசை எழுத்தோடு மட்டுமே கூடும். இவ்வளவு தெரிந்தால் ‘படடம’ என்பதை ‘பட்டம்’ என்று கண் தானாகவே திருத்திக்கொள்ளும்.

பட்டியலைத் திருத்த நானும் இதே விதிகளைத்தான் ஒரு சிறு நிரலாக எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. மீதி படுத்தியது. ‘நகககண’ என்பதில் மூன்று ‘க’. ‘நகக்கண்’ என்பது நமக்குத் தெரியும், நிரல் முதல் ‘க’வுக்குப் புள்ளி வைத்து ‘நக்ககண்’ ஆக்கியது. ‘சக்தி’ வடசொல். க் தன்னோடு மட்டும் கூடும் என்ற விதி அதற்குப் பொருந்தாததால் ‘சகதி’ சகதியாகவே கிடந்தது. ‘கலவி’, ‘நதி’ இரண்டும் அகராதியில் உள்ள நல்ல சொற்கள். பிழைதிருத்தி அவற்றின் கீழ் கோடே போடாது. ‘பல’ என்று தொடங்கும் ஒரு தலைப்பு பல்லைப் பற்றியதா, பலவற்றைப் பற்றியதா என்று திரையைப் பார்த்து முடிவு செய்ய முடியவில்லை. நண்பர் அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துச் சொன்னார். பல்தான். நூலகத்தில் ‘கல்வி’ என்று தேடியவர்களுக்கு அதுவரை ஒரு புத்தகமும் சிக்கியிருக்காது. மனிதக் கண்ணுக்கு இருக்கும் இந்த ஊகம் சாதாரணத் தேடுபெட்டிக்குக் கிடையாது.

உங்கள் சங்கத்திலோ பள்ளியிலோ கோயிலிலோ பெயர்ப்பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றப் போகிறார்கள் என்றால், ஒரு வேலை செய்யுங்கள். முழுப் பட்டியலையும் கொடுக்கும் முன் ‘தமிழ் நீர்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் ஏற்றி, திரும்ப எடுத்துப் பாருங்கள். ‘தமிழ நர’ என்று வந்தால் மேற்குறிகள் அழிகின்றன. ‘தமழ நர’ என்று வந்தால் துணைக்குறிகள் எல்லாமே அழிகின்றன. இரண்டில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். பழைய கோப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்க விடாதீர்கள்.