வரிகள் எத்தனை, ஆர்டர்கள் எத்தனை?

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு என்று இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேற்றைய விற்பனை எவ்வளவு, ஓர் ஆர்டர் சராசரியாக எவ்வளவுக்கு வருகிறது, ஒருமுறை வாங்கியவர் திரும்ப வாங்குகிறாரா? கேட்டால் கடைக்காரர் உத்தேசமாகத்தான் சொல்வார். இந்த மூன்றையும் ஒரே திரையில் காட்டுவதுதான் டேஷ்போர்டு. அதற்கு கூகுள் ஷீட்ஸே போதும். வரைபடம் போடுவது சின்ன வேலை. அதற்கு முன்னால் ஆர்டர் பட்டியலைச் சுத்தம் செய்வதில்தான் நேரம் போகும்.

கடையின் இணையதளத்திலிருந்து இறக்கும் பட்டியலில் பெரும்பாலும் ஒரு பொருளுக்கு ஒரு வரி இருக்கும். ஒருவர் மூன்று பொடி வாங்கினால் ஒரே ஆர்டர் எண் மூன்று வரிகளில் வரும். சில பட்டியல்களில் மொத்தத் தொகையும் மூன்று தடவை வரும். அப்படியே கூட்டினால் 600 ரூபாய் ஆர்டர் 1,800 ஆகிவிடும். ஆகவே முதல் வேலை, ஓர் ஆர்டருக்கு ஒரு வரி மட்டும் நிற்கும்படி செய்வது.

அடுத்தது நாள். பல மென்பொருள்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஞாயிறு அதிகாலை 1.45-க்கு வந்த ஆர்டர் அந்தப் பட்டியலில் சனிக்கிழமை இரவு 8.15 என்று இருக்கும். இரவு விழித்திருந்து வாங்குகிறவர்கள் அதிகமுள்ள கடை என்றால் தினசரி விற்பனையே மாறிப்போகும். A-யில் நேரம், C-யில் தொலைபேசி எண், D-யில் தொகை, E-யில் ஆர்டரின் நிலை இருந்தால், F, G, H என்று புதிதாக மூன்று பத்திகள் போடலாம்:

```
F2: =INT(A2+5.5/24)
G2: =RIGHT(REGEXREPLACE(TO_TEXT(C2),"\D",""),10)
H2: =MINIFS(F:F,G:G,G2)
```

முதல் வரி நம் ஊர்த் தேதியைத் தரும். இரண்டாவது, தொலைபேசி எண்ணின் கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுக்கும். இது ஏன் என்றால், ஒரே ஆள் ஒரு தடவை +91 போட்டும், இன்னொரு தடவை முன்னால் 0 போட்டும், வேறொரு தடவை நடுவில் இடைவெளி விட்டும் எண்ணைத் தருவார். கணினிக்கு அவர் மூன்று பேர். மூன்றாவது வரி அந்த எண்ணிலிருந்து முதல் ஆர்டர் வந்த நாளைச் சொல்லும்.

இனி ஒரு நாளின் விற்பனை சுலபம். J2-வில் தேதியைப் போட்டு, ரத்தான ஆர்டர்களை விலக்கிக் கூட்டலாம்:

```
=SUMIFS(D:D,F:F,J2,E:E,"<>Cancelled")
```

இதே நிபந்தனைகளை வைத்து COUNTIFS போட்டால் ஆர்டர் எண்ணிக்கை வரும். தொகையை அதனால் வகுத்தால் சராசரி ஆர்டர் மதிப்பு. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு நாள் 350, 420, 280, 450 என்று நான்கு ஆர்டர்கள். ஐந்தாவதாக ஒரு கல்யாண வீட்டிலிருந்து 8,500. மொத்தம் 10,000, சராசரி 2,000. அன்று 2,000 ரூபாய்க்குக் கிட்டத்தில் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் தொகையை எடுத்தால் 420. MEDIAN தரும் இந்த எண்ணையும் பக்கத்திலேயே காட்டுவது நல்லது. இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று வரம்பு வைப்பதானால், 420-ஐப் பார்த்து வைக்க வேண்டும்.

வீட்டில் வாங்கிக்கொண்டு பணம் தரும் ஆர்டர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வாங்காமல் திருப்பி அனுப்பியது சில நாள் கழித்துத்தான் தெரியும். திரும்பியதை ஆர்டர் வந்த தேதியிலேயே கழித்தால், போன வாரத்து விற்பனை இந்த வாரம் குறையும். அது பிழையில்லை. ஆனால் திரையில் கடைசிப் பத்து நாளை வேறு நிறத்தில் காட்டி, ‘இன்னும் மாறலாம்’ என்று எழுதிவைத்தால் யாரும் திகைக்க மாட்டார்கள்.

மூன்றில் அதிகம் ஏமாற்றுவது திரும்ப வருபவர்கள் கணக்குதான். ஆர்டர் தேதி H-இல் உள்ள முதல் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் அது திரும்ப வந்த ஆர்டர். நெய் வாங்க மறந்து அன்றைக்கே இரண்டாவது ஆர்டர் போட்டவர் இதில் சேரமாட்டார், சேரவும் கூடாது. ஆனால் பட்டியலே ஏப்ரலில்தான் தொடங்குகிறது என்றால், பல வருடமாக வாங்குகிறவரும் ஏப்ரலில் புதியவராகத்தான் தெரிவார். இன்னொரு பக்கம், போன வாரம் முதல் தடவை வாங்கியவரின் பொடி டப்பா இன்னும் காலியாகியிருக்காது. அவரையும் சேர்த்து விழுக்காடு போட்டால், புதியவர்கள் நிறையச் சேரும் மாதத்தில் அந்த எண் விழும். கடை நன்றாக நடக்கும்போது திரை கெட்ட செய்தி சொல்லும்.

இதற்கு வழி, முதல் ஆர்டர் போட்ட மாதவாரியாக ஆட்களைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு அவகாசம் கொடுப்பது. ஏப்ரலில் 200 பேர் புதிதாக வந்து, அவரவர் முதல் ஆர்டரிலிருந்து 90 நாளுக்குள் 46 பேர் மறுபடி வாங்கியிருந்தால் ஏப்ரலுக்கு 23 விழுக்காடு. மே மாதத்தின் கடைசி வாடிக்கையாளருக்கும் 90 நாள் முடியும்வரை மே மாதக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

திரையை யாருக்கும் காட்டுமுன் ஏதாவது ஒரு நாளை எடுத்து, பில்களைக் கையால் கூட்டிப் பாருங்கள். வங்கிக்கு வந்த தொகையோடு ஒப்பிட்டால் சரிவராது. பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் மறுநாளோ அதற்குப் பிறகோதான் அனுப்பும். கைக்கணக்கும் திரையும் ஒத்துப்போகாமல், திரையின் தொகை ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காக இருந்தால், பொருள்வாரி வரிகள் இன்னும் நீங்கவில்லை. வித்தியாசம் ஓரிரு ஆர்டர் அளவுதான் என்றால் நள்ளிரவு ஆர்டர்களைத் தேடுங்கள்.