ஒற்றை விற்பனையாளரும் திறந்த வாசலும்

ஒரு சந்தையில் ஒரே ஒரு விற்பனையாளர் மட்டும் இருந்தால் அவர் விரும்பிய விலையைச் சொல்வார் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். பொருளியல் பாடநூல்களும் நெடுங்காலம் அதையே போதித்து வந்தன. விற்பவர் பலராயின் விலை இறங்கும், சிலராயின் ஏறும், ஒருவராயின் உச்சத்தைத் தொடும் என்பதே அதன் சாரம். இந்த எண்ணிக்கைக் கணக்கை 1981 டிசம்பரில் வில்லியம் பாமல் கேள்விக்குள்ளாக்கினார். அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் அவர் ஆற்றிய உரையில் அது முன்வைக்கப்பட்டது. ஜான் பன்சார், ராபர்ட் வில்லிக் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய விரிவான நூல் 1982இல் வெளிவந்தது. சந்தைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, வெளியே நிற்பவர் எவ்வளவு எளிதாக உள்ளே வரலாம், அதைவிட முக்கியமாக, எவ்வளவு எளிதாக வெளியேறலாம் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது என்பது அவர்களின் வாதம். அத்தகைய சந்தையைப் போட்டிக்குத் திறந்த சந்தை என்று நாம் அழைக்கலாம்.

வாதத்தின் அச்சாணி, இரண்டு வகைச் செலவுகளைப் பிரித்தறிவதில் இருக்கிறது. பெரும் முதலீடு வேறு, மீளாத முதலீடு வேறு. ஒரு விமானத்தின் விலை பல கோடி. ஆயினும் ஒரு தடத்தில் இலாபமில்லையெனில் அதை மற்றொரு தடத்துக்குத் திருப்பலாம், விற்கலாம், குத்தகைக்கு விடலாம். இருப்புப்பாதைக்காக மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தை அப்படிப் பெயர்த்தெடுத்துச் செல்ல இயலாது. தொழிலைக் கைவிட்டால் அங்கே இட்ட பணம் போனது போனதுதான். இவ்வாறு திரும்பப் பெற முடியாதபடி அமிழ்ந்துவிடும் பணத்தையே மூழ்கிய செலவு என்கிறோம். முதல் அளவில் பெரிது என்பதனால் மட்டும் அது மூழ்கியதாகிவிடாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு சிற்றூர்களுக்கிடையே நாளொன்றுக்கு 80 பேர் பயணம் செய்கின்றனர். ஒரு விமானத்துக்கு மட்டுமே வேலை இருக்கிறது. குத்தகை, எரிபொருள், ஊழியர் ஊதியம், முதலுக்கான நியாயமான வருவாய் எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு 8,000 டாலர். தலைக்கு 100 டாலர் வாங்கினால் வரவும் செலவும் சரியாகிவிடும். அங்கே இருக்கும் ஒற்றை நிறுவனம் 150 டாலர் வசூலிக்கிறது என்று கொள்வோம். பயணிகள் எண்ணிக்கை மாறவில்லை என வைத்துக்கொண்டால் நாள்தோறும் 4,000 டாலர் மிகுதி கிடைக்கும். வெளியே நிற்கும் மற்றொருவர் ஒரு விமானத்தைக் குத்தகைக்கு எடுத்து வந்து 140 டாலருக்குப் பயணச்சீட்டு விற்கிறார். பயணிகள் அனைவரும் அவரிடம் போகின்றனர். நாளுக்கு 3,200 டாலர் அவருக்கு மிஞ்சுகிறது. பத்து நாள் கழித்துப் பழைய நிறுவனம் விழித்துக்கொண்டு கட்டணத்தை 100 டாலராக இறக்குகிறது. வந்தவருக்கு வருத்தமில்லை. 32,000 டாலரை எடுத்துக்கொண்டு விமானத்தை வேறு தடத்துக்கு ஓட்டிச் சென்றுவிடுவார். இந்த வந்து எடுத்துச் செல்லும் படையெடுப்பு ஒருமுறைகூட நிகழ வேண்டியதில்லை. நிகழும் என்ற அச்சமே பழைய நிறுவனத்தை முதல் நாளிலிருந்தே 100 டாலரில் நிறுத்திவைக்கும்.

இங்கே செலவுக்கு அருகிலான விலை என்பது சராசரிச் செலவையே குறிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் இருக்கையில் கூடுதலாக ஒருவர் அமர்வதற்கு ஆகும் செலவு சொற்பமே. அந்தத் தொகையை விலையாக வைத்தால் நிறுவனம் மூழ்கிவிடும். எனவே திறந்த சந்தை தரும் விலை, இலட்சிய விலை அன்று. நட்டமில்லாமல் தொழில் நடத்துவதற்குரிய மிகக் குறைந்த விலை, அவ்வளவே.

இனி அதே கணக்கில் ஒரு சிறு மாற்றம் செய்வோம். புதிதாக வருபவர் விளம்பரத்துக்கும் ஊழியர் பயிற்சிக்கும் அலுவலகம் அமைப்பதற்கும் 60,000 டாலர் செலவிட வேண்டும். வெளியேறினால் அதில் ஒரு காசும் திரும்பாது. பழைய நிறுவனம் 14 நாளில் விலையை இறக்கிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். 150 டாலருக்குச் சற்றே குறைவாக விற்றாலும் 14 நாளில் அவர் ஈட்டுவது 56,000 டாலரைத் தாண்டாது. ஆகவே அவர் வரமாட்டார். பழைய நிறுவனம் 150 டாலரை நிம்மதியாக வாங்கிக்கொண்டே இருக்கும். அந்த எதிர்வினைக்கு 30 நாள் பிடிக்குமெனில் நிலைமை வேறு. அப்போது 125 டாலருக்கு மேல் போனால் உடனே போட்டியாளர் வந்து நிற்பார்.

ஆக, மூழ்கிய செலவின் அளவும் எதிர்வினையின் வேகமும் சேர்ந்தே விலையின் உச்சவரம்பை வகுக்கின்றன. கோட்பாட்டின் மென்மையான இடமும் இதுவே. பழைய நிறுவனம் ஒரே நாளில் விலையை இறக்க வல்லதாயின், 5,000 டாலர் மூழ்கிய செலவே 150 டாலர் விலைக்குக் காவலாகிவிடும்; ஒரு நாளில் கிடைக்கக்கூடியது 4,000 டாலர்தானே! மூழ்கிய செலவு அறவே இல்லாதபோது சரியாக இருக்கும் முடிவு, அது சிறிதளவு இருந்தாலே முற்றிலும் தலைகீழாகலாம் என்று மாரியஸ் ஷ்வார்ட்ஸ், ராபர்ட் ரெனால்ட்ஸ் இருவரும் 1983இல் சுட்டிக்காட்டினர். இந்த மறுப்பு கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை. அது பொருந்தும் நிலத்தின் எல்லையைக் குறுக்கியது என்பதே என் கருத்து.

சோதனைக்களம் அமெரிக்காவில் ஏற்கெனவே அமைந்திருந்தது. யார் எந்தத் தடத்தில் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பவற்றை 1938 முதல் அரசு வாரியம் ஒன்று தீர்மானித்து வந்தது. 1978இல் இயற்றப்பட்ட சட்டம் அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சக்கரம் பூட்டிய முதல், அதிலும் சிறகு முளைத்த முதல் விமானம். ஆகவே ஒரே நிறுவனம் பறக்கும் தடத்திலும் கட்டணம் செலவையொட்டியே இருக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. நடந்தது வேறு. ஒரு தடத்தில் உண்மையாகப் பறக்கும் நிறுவனங்கள் குறைந்தால் கட்டணம் கூடியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின.

விமானம் இடம்பெயரும் என்பது மெய்தான். ஆனால் விமான நிலையத்தில் நுழைவாயில் கிடைப்பது எளிதன்று. அடிக்கடி பறப்போருக்குச் சலுகை தரும் திட்டங்கள் 1981 முதல் பரவியதால் பழைய வாடிக்கையாளரைப் பெயர்ப்பதும் கடினமாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி வழியே கட்டணத்தைச் சில மணி நேரத்தில் மாற்றிவிடலாம். புதிய சேவையைத் தொடங்குவதற்கோ மாதக்கணக்கில் ஆயத்தம் தேவை. நம் கணக்கில் 14 நாளாக இருந்த அவகாசம் இங்கே ஒரு நாளுக்கும் குறைந்துவிட்டது. பயணிகள் விமானச் சேவையைவிடச் சரக்கு லாரி, படகு, பேருந்துப் போக்குவரத்துகளே தங்கள் கோட்பாட்டுக்கு நெருக்கமானவை என்று பாமலும் வில்லிக்கும் 1986இல் எழுதினர். முன்பு நம்பிக்கையோடு காட்டிய எடுத்துக்காட்டைத் தாங்களே பின்னுக்குத் தள்ளிய அந்த நேர்மை அறிஞருலகில் அரிது.

இருந்தபோதும் வெளியே நிற்பவரின் நிழலுக்கு வலிமை இல்லாமற் போகவில்லை. ஆஸ்டன் கூல்ஸ்பி, சாட் சைவர்சன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. சவுத்வெஸ்ட் என்ற குறைந்த கட்டண நிறுவனம் ஒரு நகரின் விமான நிலையத்தில் ஏற்கெனவே இயங்குகிறது. பிறகு மற்றொரு நகரிலும் கால் பதிக்கிறது. அவ்விரு நகரங்களையும் இணைக்கும் தடத்தில் அது இன்னும் பறக்கத் தொடங்கவில்லை. ஆனாலும் அத்தடத்திலுள்ள பழைய நிறுவனங்கள் அப்போதே கட்டணத்தைக் குறைத்துவிடுகின்றன. இரு முனைகளிலும் அலுவலகமும் ஊழியரும் நுழைவாயிலும் இருப்பதால், சவுத்வெஸ்டுக்கு அத்தடத்தில் புதிதாக மூழ்கவேண்டிய பணம் மிகக் குறைவு. அதனால் அந்த மிரட்டல் நம்பத்தகுந்ததாகிறது.

இதே ஆய்வை மறுபுறமிருந்தும் படிக்கலாம். மிரட்டல் வந்தபின் விலை இறங்கியது என்றால், அதுவரை செலவுக்கு மேலே இறங்குவதற்கு இடமிருந்தது என்றாகிறது. முழுமையாகத் திறந்த சந்தையாக இருந்திருந்தால் அங்கே குறைப்பதற்கு எதுவும் மிஞ்சியிராது. ஓர் ஒற்றை விற்பனையாளரைப் பற்றித் தீர்ப்பளிக்க முனையும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: புதியவர் ஒருவர் அருகே வந்துவிட்டார் என்ற செய்தி பரவிய நாளில் அவருடைய விலைப்பட்டியல் அசைந்ததா, அசையவில்லையா?