‘படம் நகரவே இல்லையே?’ - ‘கில்லி’ ரசிகரும் ‘கூழாங்கல்’ பார்க்கலாம்... 3 படிகளில்!

நண்பர் சொன்னார் என்று ‘கூழாங்கல்’ போட்டவர்களில் பலர், 20-வது நிமிடத்தில் போனைக் கையில் எடுத்திருப்பார்கள். ‘என்னப்பா, நடந்துகிட்டே இருக்காங்க?’ என்று கேட்டிருப்பார்கள். ரசனையில் குறை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆரம்பித்த இடம்தான் தப்பு.

மாஸ் படம் ஒரு விஷயத்தை மூன்று முறை சொல்லும். ஹீரோவுக்குக் கோபம் என்றால் முகம் க்ளோசப்பில் வரும், பின்னணி இசை ஏறும், பக்கத்தில் நிற்பவர் அதையே வசனமாகவும் சொல்வார். யதார்த்த படம் ஒரே முறைதான் சொல்லும். அதையும் பெரும்பாலும் ஒரு பொருளை வைத்தோ, ஒரு செய்கையை வைத்தோ சொல்லும். அதைத் தவறவிட்டால் ‘ஒண்ணுமே நடக்கல’ என்றுதான் தோன்றும்.

முதல் படி: காஞ்சிவரம்

உத்திரமேரூர், காவாந்தண்டலம் பக்கத்து ஆட்களுக்கு இது பக்கத்து ஊர்க் கதை. மற்றவர்களுக்கும் தெரிந்த முகம் உண்டு: ‘கில்லி’யின் முத்துப்பாண்டி, பிரகாஷ்ராஜ். இயக்கியவர் காமெடி படங்களுக்குப் பேர்போன பிரியதர்ஷன். 55-வது தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் என இரண்டு விருதுகளையும் வாங்கியது.

கைதியாக போலீஸுடன் மழையில் பஸ்ஸில் வரும் வேங்கடம் என்ற நெசவாளியின் நினைவாகக் கதை விரிகிறது. மகள் பிறந்தபோது, ‘பட்டுச்சேலை கட்டித்தான் கல்யாணம் பண்ணி வைப்பேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார். ஆனால், பட்டு நெய்கிறவருக்கே பட்டு வாங்க வழியில்லை. எனவே முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நூலைத் திருடி, வீட்டில் ரகசியமாக நெய்கிறார்.

நூல் வெளியே வருவது அவர் வாய்க்குள் ஒளிந்து. படத்தைத் திறக்கும் சாவி இதுதான். சோதனை நடக்கும் வாசலை அவர் கடக்கும்போது அவர் உதடுகளைக் கவனியுங்கள். யாராவது ஒரு வார்த்தை பேசச் சொன்னாலே ஆள் காலி. துப்பாக்கி இல்லாத சஸ்பென்ஸ் இது. பின்னால் தொழிலாளர் போராட்டத்தில் வாய் திறந்து உரிமை பேசுகிறவரும் இதே மனிதர்தான். வேலைநிறுத்தம் நீண்டால் நூல் வராது, சேலையும் முடியாது. சங்கமா, சேலையா என்று அவர் தவிப்பதை வசனம் விளக்காது. நூலைப் பின்தொடர்ந்தவருக்குத் தானாகப் புரியும்.

இரண்டாம் படி: வீடு

பாலு மகேந்திராவின் 1988 படம் இது. பாட்டு கிடையாது, வில்லன் கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய சுதா (அர்ச்சனா), சொந்தமாக ஒரு வீடு கட்டுகிறார். அவ்வளவுதான் கதை.

இங்கே கதையின் வேகத்தைக் கட்டடத்தில் பாருங்கள். சுவர் உயர்ந்தால் கதை முன்னேறுகிறது. வேலை நின்றால் சுதாவின் கையில் பணம் இல்லை. கான்ட்ராக்டர் சிமென்ட் திருடுவதைக் கட்டட வேலை செய்யும் பெண் போட்டு உடைக்கும் காட்சி, சண்டைக் காட்சிக்குச் சமம். ஹோம் லோன் கட்டுகிறவர்களுக்கு இது ‘ஸ்லோ’ படமாகவே தெரியாது.

மூன்றாம் படி: கூழாங்கல்

பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கி, 2021-ல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்ற படம். ஓடும் நேரம் 75 நிமிடம்தான். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவர, குடிகாரக் கணவன் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். அவள் அங்கே இல்லை. திரும்ப பஸ்ஸில் போக வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துவிடுகிறான். மிச்சப் படம், கொளுத்தும் வெயிலில் நடை.

நடை ஏன் நீளம்? வெயில் அப்பனின் கோபத்தை வற்ற வைப்பதை நாமும் அதே நேரக்கணக்கில் உணர வேண்டும் என்பதால். தாகத்துக்குப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு வந்ததும் அந்தக் கல் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன. இந்த நடை முதல் முறை இல்லை என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் படம் சொல்லிவிடுகிறது.

எங்கே சொதப்பும்?

ஒன்று, 1.5 வேகத்தில் ஓடவிடுவது. ‘கூழாங்கல்’லில் நேரம்தான் கதை; அதைச் சுருக்கினால் மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு, போன் ஸ்பீக்கர். பின்னணி இசை குறைவான படங்களில் காற்றும் காலடியும்தான் வசனம். அதற்கு இயர்போன் வேண்டும்.

மெதுவான படமெல்லாம் நல்ல படம் என்றும் இல்லை. ஒரு நீளமான ஷாட் முடிந்ததும், அது தொடங்கியபோது இருந்ததைவிட என்ன மாறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆளின் நடை, முகம், கையில் இருக்கும் பொருள், எதுவாகவும் இருக்கலாம். பதில் கிடைத்தால் படம் நகர்கிறது. கவனித்துப் பார்த்தும் பத்து ஷாட்டுக்குப் பதிலே இல்லை என்றால், தயங்காமல் நிறுத்திவிடலாம்.