அரை மில்லிகிராமின் கனம்

மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பொடி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம் ஊரில் நிறைய. 'வெறும் அரை மில்லிகிராம்தானே, என்ன செய்துவிடும்?' என்பார்கள். பெரும்பாலும் அந்த மாத்திரை டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு வகை மருந்துகளில் அட்டையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து வீரியத்தை எடைபோடவே முடியாது.

கணக்கு இதுதான். 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் செய்யும் வேலையை 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் செய்துவிடும். அதே வேலைக்கு டெக்ஸாமெத்தசோன் முக்கால் மில்லிகிராம் போதும். ஹைட்ரோகார்ட்டிசோனைப்போல பிரெட்னிசோலோனுக்கு நான்கு மடங்கு வீரியம். டெக்ஸாமெத்தசோனுக்கு 25 மடங்குக்கும் மேல். கொரோனா காலத்தில் மருத்துவமனைகளில் கொடுத்த 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கும் 160 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் சமம்.

இப்போது அந்த முழங்கால் வலிக்காரருக்கு வருவோம். அரை மில்லிகிராம் மாத்திரையைக் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை போடுகிறார் என்று வையுங்கள். மொத்தம் ஒன்றரை மில்லிகிராம். அதாவது தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். ஹைட்ரோகார்ட்டிசோன் கணக்கில் 40. அட்ரீனல் சுரப்பி அடியோடு வேலை செய்யாத ஒருவருக்கே நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன்தான் கொடுப்பார்கள். சுரப்பி நன்றாக இருக்கும் மனிதர் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். வலி பறந்துபோனதில் ஆச்சரியமே இல்லை.

வீரியத்தைவிட வில்லங்கமானது நேரம். ஹைட்ரோகார்ட்டிசோனின் வேலை 8 முதல் 12 மணி நேரத்தில் அடங்கிவிடும். பிரெட்னிசோலோன் 12 முதல் 36 மணி நேரம் நிற்கும். டெக்ஸாமெத்தசோன் ஒன்றரை நாளைத் தாண்டியும் உடம்பில் வேலை பார்க்கும். ரத்தத்திலிருந்து மருந்து சில மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது. ஆனால் செல்களுக்குள் அது கிளப்பிவிட்ட மாற்றம் அவ்வளவு சீக்கிரம் ஓய்வதில்லை.

விடியற்காலையில் பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்ப, அட்ரீனல் அன்றைய கார்ட்டிசாலைச் சுரக்கும். முந்தைய இரவு போட்ட ஒரேயொரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் அந்தக் கட்டளையை அடக்கிவிடும். குஷிங் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையே இதை வைத்துத்தான்: இரவு 11 மணிக்கு மாத்திரை, காலையில் ரத்தம். நம்மவரோ இந்தப் பரிசோதனையைத் தன்மேல் தினமும் நடத்திக்கொள்கிறார். சில மாதங்களில் அவருடைய அட்ரீனல் சுருங்கித் தூங்கிப்போகும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் தளர்ச்சி, வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் வரும். அந்தச் சமயம் காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் டாக்டர்கள் இப்படிப்பட்டவரைச் சம அளவு பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, காலையில் ஒரே வேளையாகக் கொடுத்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். சுரப்பிக்கு இரவில் விழித்துக்கொள்ள இடம் கிடைக்கும். சம அளவுக் கணக்கும் ஒரு தோராயம்தான். சுரப்பியை அடக்குவதில் டெக்ஸாமெத்தசோன் அந்தக் கணக்கு சொல்வதைவிடக் கெட்டிக்காரன். களிம்புக்கும், உறிஞ்சும் மருந்துக்கும், மூட்டுக்குள் போடும் ஊசிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

மூன்றாவது விஷயம் உப்பு. சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும் குணம் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு 1 என்றால், பிரெட்னிசோலோனுக்குச் சுமார் 0.8. டெக்ஸாமெத்தசோனுக்கு அநேகமாகப் பூஜ்யம். மூளைக்கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோனைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணம்: வேண்டிய வீரியம் கிடைக்கும், நீர் கோக்காது.

அதே குணம் அடிசன் நோயாளிக்குக் குறை. அந்த நோயில் அட்ரீனலே அழிவதால் கார்ட்டிசாலோடு, உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் போய்விடும். டெக்ஸாமெத்தசோனை மட்டும் கொடுத்தால் உடம்பு உப்பை இழந்துகொண்டே இருக்கும். ஆகவே அவருக்குத் தினசரி ஹைட்ரோகார்ட்டிசோன், கூடவே உப்பைக் காக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். நெருக்கடியில் மட்டும் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. அந்த அளவில் உப்பு வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

உப்பைப் பிடிக்காது என்பதால் டெக்ஸாமெத்தசோன் சாது என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கரையை ஏற்றுவது, எலும்பைத் தேய்ப்பது, தொற்றுக்குக் கதவு திறப்பது எல்லாம் வீரியத்தோடு வருபவை. உப்பு குறைந்ததால் அவை குறையாது.

வீட்டில் யாராவது பெயர் தெரியாத வலி மாத்திரையைச் சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டுவந்தால், தாமாக நிறுத்தச் சொல்லாதீர்கள். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.