ஆர்டர் முதல் வசூல் வரை: புதிய மென்பொருளை ஏற்கும் முன்

விநியோக நிறுவனத்தில் சேல்ஸ்மேன் கடையில் ஆர்டர் எடுப்பதும், அந்தப் பணம் கணக்கில் வரவு விழுவதும் ஒரே வேலையின் இரு முனைகள். நடுவில் கடன் வரம்பு பார்க்க வேண்டும், குடோனில் சரக்கு எடுக்க வேண்டும், பில் போட வேண்டும், கடையில் இறக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். இவை அனைத்துக்கும் புதிய மென்பொருள் வரும்போது, பழையதை நிறுத்துவதற்கு முன் நடக்கும் கடைசிச் சோதனைதான் பயனர் ஏற்புச் சோதனை.

பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்பதை மென்பொருள் எழுதியவர்கள் முன்பே பார்த்திருப்பார்கள். இங்கே கேள்வி வேறு: இதை வைத்து வியாபாரம் நடத்த முடியுமா? பில்லிங் ஊழியர், குடோன் பொறுப்பாளர், சேல்ஸ்மேன், காசாளர், கணக்காளர் ஆகியோரே இதற்கு விடை சொல்ல முடியும். சோதனைத் திட்டத்தை எழுதுவதிலும் அவர்கள் உட்கார வேண்டும். திட்டத்தின் உயிர்நாடி ஒன்றுதான். ஒவ்வொரு சோதனைக்கும் வர வேண்டிய விடையை ரூபாய்க் கணக்கில் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் உட்கார்ந்தால் திரையில் வரும் எண்ணே சரியான எண்ணாகத் தோன்றிவிடும்.

சோப்பு விநியோகிக்கும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மளிகைக் கடையின் கடன் வரம்பு 1,00,000 ரூபாய். பழைய நிலுவை 62,000. அந்தக் கடை 40 பெட்டி சோப்பு கேட்கிறது. பெட்டி 1,200 ரூபாய் வீதம் 48,000; ஐந்து சதவீத ஜிஎஸ்டி 2,400; ஆக 50,400. நிலுவையோடு சேர்த்தால் 1,12,400. ஆர்டர் நிற்க வேண்டும், மேலாளர் ஒப்புதல் தந்த பிறகே நகர வேண்டும். இது எளிது, பெரும்பாலும் சரியாகவே வரும்.

இப்போது அதே கடைக்காரர் 20,000 ரூபாய்க்குச் செக் கொடுத்திருக்கிறார், அது இன்னும் பாஸ் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். செக் கைக்கு வந்ததுமே நிலுவையைக் குறைக்கும் மென்பொருளில் நிலுவை 42,000 ஆகிறது. ஆர்டர் சேர்ந்தாலும் 92,400தான், தடையின்றிப் போய்விடும். வங்கியில் பணம் ஏறிய பிறகே குறைக்கும் மென்பொருளில் நிற்கும். இரண்டில் எது வேண்டும் என்பதை நிறுவனம்தான் முடிவு செய்ய வேண்டும். பல இடங்களில் அந்த முடிவு எங்குமே எழுதப்படாமல், அனுபவமுள்ள ஒரு பில்லிங் ஊழியரின் நினைவில் மட்டும் இருக்கிறது. சோதனைத் திட்டம் எழுதும்போதுதான் அது வெளியே வருகிறது. பில் ஆகாமல் காத்திருக்கும் காலை ஆர்டரை, மாலை ஆர்டரின் வரம்புக் கணக்கில் சேர்ப்பதா என்பதும் இதே வகைக் கேள்வி.

மேலாளர் ஒப்புதலோடு சரக்கு போகிறது. பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்ற திட்டம் நடப்பில் இருப்பதால் 44 பெட்டிகள் வண்டியில் ஏறுகின்றன. கடையில் இறக்கும்போது விலைக்குப் போன பெட்டிகளில் இரண்டு நனைந்திருக்கின்றன. கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். 2,400 ரூபாயும் வரி 120 ரூபாயும் சேர்ந்து 2,520 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் வர வேண்டும். பில்லில் மீதி 47,880 நிற்க வேண்டும். திரும்பிய இரண்டும் சேதச் சரக்கில் சேர வேண்டும். விற்பனைச் சரக்கில் சேர்ந்தால் நாளை இன்னொரு கடைக்குப் போய்விடும். இலவசப் பெட்டிகள் என்ன ஆகும்? விற்றது இப்போது 38. அதற்கு மூன்றே இலவசம். நான்காவதை மென்பொருள் தானாகக் கழித்தால், தன் தவறு இல்லாமலே கடைக்காரர் ஒரு பெட்டியை இழப்பார். சேதத்துக்கு ஒரு விதி, விற்காமல் திருப்புவதற்கு வேறு விதி என்று நிறுவனம் வைத்திருந்தால், இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை வேண்டும்.

வசூல் நாளில் கடைக்காரர் 20,000 ரூபாய் ரொக்கமும் 27,880 ரூபாய்க்குச் செக்கும் தருகிறார். பில் தீர்ந்தது. நான்கு நாளில் செக் திரும்பி வருகிறது. இந்த இடத்தைச் சோதனைத் திட்டங்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. 27,880 ரூபாய் மறுபடி நிலுவையில் ஏறினால் மட்டும் போதாது, பழைய பில் எண்ணிலும் பழைய பில் தேதியிலும் ஏற வேண்டும். செக் திரும்பிய தேதியில் ஏறினால் அது புதுக் கடனைப் போலத் தெரியும். தவணை கடந்தோர் பட்டியலில் அந்தக் கடை இராது. அடுத்த ஆர்டரும் தடையின்றிப் போகும்.

வரி தொடர்பான சோதனைகளில் எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் தேவை. அந்த மதிப்பு வரியும் சேர்ந்தது. அதே சோப்பில் 80 பெட்டி போனால் வரிக்கு முன் 96,000, வரியோடு 1,00,800. வரிக்கு முந்தைய தொகையை மட்டும் பார்க்கும் மென்பொருள் இ-வே பில் இல்லாமலே வண்டியை அனுப்பிவிடும். இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அதற்குப் பின் கிரெடிட் நோட்டுதான் வழி. மறுநாள் ரத்து செய்யப் பார்க்கும் ஒரு சோதனையும் பட்டியலில் இருக்க வேண்டும்.

இவற்றை எங்கே செய்வது என்பதிலும் கவனம் தேவை. அரசின் இ-இன்வாய்ஸ் அமைப்பில் சோதனைக்கென்றே தனித் தளம் உண்டு. அதோடுதான் இணைக்க வேண்டும். கடைகளின் உண்மைத் தரவை நகலெடுத்தால் அலைபேசி எண்களை முதலில் மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் சோதனைப் பில்லின் குறுஞ்செய்தி நிஜக் கடைக்காரருக்குப் போய்ச் சேரும். சேல்ஸ்மேனின் அலைபேசிச் செயலியை சிக்னல் இல்லாத இடத்தில் வைத்தும் பார்க்க வேண்டும். சிக்னல் வந்ததும் ஒரே ஆர்டர் இருமுறை பதிவாவது வழக்கமான கோளாறு.

தனித்தனிச் சோதனைகள் முடிந்ததும், சரக்கு அதிகம் போன ஒரு பழைய நாளை எடுத்து, அன்றைய ஆர்டர்கள் முழுவதையும் புதியதில் மறுபடி போட்டுப் பார்ப்பது நல்லது. பழைய பில் தொகையும் புதியதும் எங்கெல்லாம் மாறுகின்றனவோ, அங்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். சில இடங்களில் பழையதுதான் தப்பாக இருந்தது என்பதும் தெரியவரும்.

கண்டுபிடித்த பிழைகளை எப்படித் தரம் பிரிப்பது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தொகை, வரி, சரக்கு எண்ணிக்கை இம்மூன்றில் ஒன்று தவறினாலும் திறப்பு இல்லை. அச்சில் முகவரி ஒரு வரி கீழே இறங்குவது போன்றவை காத்திருக்கலாம். ஒரு பிழையைத் திருத்திய பின் அந்தப் படியை மட்டும் பார்ப்பது போதாது. இலவசத் திட்டத்தில் செய்த திருத்தம் கிரெடிட் நோட்டைக் கெடுக்கலாம் என்பதால், ஆர்டரிலிருந்து வரவு வரை மறுபடி ஓட்ட வேண்டும்.

கடைசியாக நிலுவைப் பட்டியல். பழைய மென்பொருளின் மொத்த நிலுவை புதியதோடு ஒத்துப்போவது போதாது. கடைவாரியாக, பில்வாரியாக, தேதியோடு ஒத்துப்போக வேண்டும். கடைக்கு ஒரே தொகையாக ஏற்றினால், எந்த பில்லுக்கு வந்த பணம் என்று வரவு வைக்கவே முடியாது. விற்பனை மேலாளர், குடோன் பொறுப்பாளர், கணக்காளர் மூவரும் ஏற்புப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். அதில் கணக்காளரின் கையெழுத்து, இந்த நிலுவைப் பட்டியல் ஒத்துப்போன பிறகே விழ வேண்டும்.