பூனைக்குட்டி பந்தைத் தேடுகிறது

இரண்டு வயதுக் குழந்தைகளுக்குக் கையுறைப் பொம்மை நாடகம் எழுத உட்கார்ந்தால் முதலில் கதையைக் குறைக்க வேண்டும். சண்டை, சமாதானம், திருப்பம் எதுவும் இந்த வயதில் எடுபடாது. பூனைக்குட்டி பந்தைத் தேடுகிறது, அவ்வளவு போதும். மொத்தம் எட்டு நிமிடம். அதையும் ஒன்றரை நிமிடத் துண்டுகளாக நறுக்கிவிடலாம்: வணக்கப் பாட்டு, மூன்று தேடல், டாட்டா பாட்டு.

மூன்று தேடலுக்கும் பாட்டு ஒன்றே:

எங்கே எங்கே என் பந்து?
சிவப்புச் சிவப்பு என் பந்து!

பாட்டு முடிந்ததும் பூனை கூடைக்குள் எட்டிப் பார்க்கும். உள்ளே தவளை. “கொர்ர் கொர்ர்!” “அய்யோ, நீ பந்து இல்லையே!” இரண்டாம் தேடலிலும் அதே பாட்டு, அதே கூடை, அதே வசனம். தவளை இருந்த இடத்தில் கோழி, அது மட்டுமே மாற்றம். பூனை எப்போதும் வலக்கையில். மற்றவை ஒவ்வொன்றாக இடக்கையில் வரும். ஒருவரே ஆட்டிவிடலாம்.

எழுதுகிறவருக்கு இங்கே அலுப்பு தட்டும், மெட்டையாவது மாற்றலாமே என்று கை பரபரக்கும். மாற்றக் கூடாது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிறகுதான் குழந்தை வாயைத் திறக்கும். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ நிகழ்ச்சியில் ஒரே பகுதியை வாரத்தின் ஐந்து நாளும் திரும்ப ஒளிபரப்பினார்கள். இன்னும் சிறிய பிள்ளைகளுக்காக 1997-இல் பிபிசியில் வந்த ‘டெலிடப்பீஸ்’ நிகழ்ச்சியில், ஒரு குறும்படம் ஓடி முடிந்ததும் அதையே முழுதாக மறுபடி ஓட்டினார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். குழந்தைகள் கண் எடுக்கவில்லை.

மூன்றாம் தேடலில்தான் இந்த உழைப்பு பலிக்கும். “எங்கே எங்கே என்...” என்று பாடி, பூனை நின்றுவிடும். பிரதியில் அந்த இடத்தில் இப்படி எழுதிவையுங்கள்: ‘நிறுத்தம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணவும்.’ பெரும்பாலான நாடகங்கள் சொதப்புவது இங்கேதான். ஆட்டுகிறவர் ஒரு நொடிகூடப் பொறுக்காமல் தானே சொல்லை நிரப்பிவிடுவார். குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். ஒன்று “பா!” என்னும், ஒன்று விரலை நீட்டும். இரண்டையும் பதிலாக ஏற்று, “ஆமா, பந்து!” என்று பூனை குதிக்க வேண்டும்.

பயத்துக்கும் பிரதியில் இடம் விடுங்கள். தவளை படாரென்று துள்ளி வந்தால் சிரித்த முகம் சட்டென்று இறுகும், பிள்ளை அம்மா மடிக்குள் ஒதுங்கும். அதனால் முதலில் மெல்லிய குரல், பிறகு தலை, கடைசியில் உடம்பு என்று வரட்டும். அப்படியும் யாராவது அழுதால் தவளை கூடைக்குள் இறங்கிவிடும், பூனை மட்டும் தணிந்த குரலில் பாடும். ஒரு பிள்ளை எழுந்து வந்து பொம்மையைப் பிடித்து இழுப்பதும் நிச்சயம் நடக்கும். “கை குடு, டாட்டா சொல்லு, உட்காரு” என்ற வசனத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் தடுமாற வேண்டியதில்லை.

முடிந்ததும் “இன்னொரு வாட்டி” என்று கேட்பார்கள். புதிதாக ஒரு விலங்கைக் கொண்டுவர வேண்டாம். மூன்றாம் தேடலையே ஒரு சொல் மாறாமல் ஆட்டிவிட்டு, டாட்டா பாட்டைப் பாடுங்கள்.