'அரிதாக' என்றால் எத்தனை பேருக்கு?

ஐரோப்பாவில் விற்கப்படும் மாத்திரைப் பெட்டிகளுக்குள் பல மடிப்பாக மடித்த ஒரு தாள் இருக்கும். மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும், யார் சாப்பிடக் கூடாது, என்னென்ன பக்கவிளைவுகள் வரலாம் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அந்தத் தாளில் அதிகம் படிக்கப்படுவது பக்கவிளைவுப் பகுதிதான். ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த சோதனையின் புள்ளிவிவரம் முழுவதும் அங்கே ஐந்து சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது: மிகப் பரவலாக, பரவலாக, எப்போதாவது, அரிதாக, மிக அரிதாக.

இந்தச் சொற்கள் மனம்போன போக்கில் போடப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வந்தால் 'மிகப் பரவலாக'. நூறில் ஒருவர் முதல் பத்தில் ஒருவருக்குள் என்றால் 'பரவலாக'. ஆயிரத்தில் ஒருவர் முதல் நூறில் ஒருவருக்குள் 'எப்போதாவது'. பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவருக்குள் 'அரிதாக'. அதற்கும் கீழே போனால் 'மிக அரிதாக'. நோயாளிக்கான தாளிலும் இப்படிப்பட்ட சொற்களைப் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஆணையத்தின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. எண்ணைக் கண்டு மிரள்பவர்களுக்குச் சொல் எளிதாக இருக்கும் என்ற நல்ல எண்ணம்தான்.

படித்தவர்கள் அந்தச் சொற்களை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை பிரிட்டனின் பீட்டர் நாப், தியோ ரெய்னர், டயேன் பெர்ரி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவர்களுடைய ஆய்வு 2004இல் வெளியானது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த 120 பேரிடம் இரண்டு பக்கவிளைவுகளைப் பற்றிச் சொன்னார்கள். ஒன்று மலச்சிக்கல், மற்றொன்று கணைய அழற்சி. ஒரு பகுதியினருக்கு 'பரவலாக', 'அரிதாக' என்ற சொற்களை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 2.5 சதவீதம், 0.04 சதவீதம் என்று எண்ணாகவே கொடுத்தார்கள். பிறகு, "இது உங்களுக்கு வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?" என்று கேட்டார்கள்.

'பரவலாக' என்ற சொல்லைப் படித்தவர்கள் சராசரியாகச் சொன்ன விடை, ஏறக்குறைய 34 சதவீதம். உண்மையில் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வருவதை, மூன்றில் ஒருவருக்கு வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். 'அரிதாக' என்பதைப் படித்தவர்களின் விடை இன்னும் திகைக்க வைக்கிறது: 18 சதவீதம். பத்தாயிரம் பேரில் நான்கு பேருக்கு வரும் கணைய அழற்சியை அவர்கள் ஐந்தில் ஒருவருக்கு வருவதுபோல எண்ணினார்கள். எண்ணைப் படித்தவர்களும் மிகைப்படுத்தித்தான் மதிப்பிட்டார்கள். ஆனால் அவர்களின் மதிப்பீடு முறையே 8 சதவீதம், 2 சதவீதம் என்ற அளவில் நின்றது. எண்ணும் தவறை முழுதாகப் போக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லோடு ஒப்பிட்டால் அது உண்மைக்கு வெகுவாகப் பக்கத்தில் இருந்தது.

இதில் நோயாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லையை வகுத்தவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். தாளைப் படித்தவர் சொல்லை மட்டும் பார்த்தார். அதற்கு வீட்டிலும் கடைத்தெருவிலும் இருக்கும் பொருளைத்தான் கொண்டார். ஊரில் பரவலாகக் காய்ச்சல் என்றால் தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது படுத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். நூறு வீட்டில் இரண்டு வீடு என்று தோன்றாது. அந்த மிகைக் கணக்கோடு ஒருவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டால், நெஞ்சுவலிக்கு எதிராக இருந்த காப்பு போய்விடுகிறது.

இப்போது ஐரோப்பியத் தாள்களில் சொல்லுக்குப் பக்கத்திலேயே 'பத்தில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம்' என்று எண்ணும் சேர்க்கப்படுகிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் முழுமையானது அல்ல. நூறில் ஒருவருக்கு வருவதும் நூறில் ஒன்பது பேருக்கு வருவதும் அதே கட்டத்துக்குள்தான் விழுகின்றன. 'வரை' என்ற சொல் மேல் எல்லையை மட்டும் கண்ணில் காட்டுவதால், படிப்பவர் பத்தில் ஒருவர் என்பதையே மனத்தில் பதித்துக்கொள்கிறார்.

'யாருக்கும் வரவில்லை' என்பதும் இந்தச் சொற்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் ஐயத்துக்கு இடமில்லை என்று தோன்றும். ஆனால் எத்தனை பேரைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்கிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. பார்த்த ஆட்களில் ஒருவருக்கும் வரவில்லை என்றால், 3ஐ அந்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான விகிதம் அந்த விடைக்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். அதற்கு மேல் உறுதி தர முடியாது. 3,000 பேரிடம் சோதித்து ஒருவருக்கும் வராத பக்கவிளைவு, ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியதாகவும் இருக்கலாம். அந்த மருந்தைப் பத்து லட்சம் பேர் சாப்பிட்டால் ஆயிரம் பேர் வரை பாதிக்கப்படலாம். கடைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து ஒரு மருந்தைப் பற்றிப் புதிய எச்சரிக்கை வருவதற்கு இது ஒரு காரணம்.

மருந்துத் தாளில் நடந்தது எல்லாப் புள்ளிவிவரச் சுருக்கங்களிலும் நடக்கிறது. பலர், சிலர், ஏராளமானோர், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்ற சொற்களுக்குத் தனியாக அளவு கிடையாது. கல்யாணப் பந்தியில் ஐம்பது பேர் என்றால் சிலர். ஒரு வீட்டுக் கூடத்தில் ஐம்பது பேர் என்றால் கூட்டம். மொத்தம் எவ்வளவு, எவ்வளவு எதிர்பார்த்தோம் என்ற இரண்டும்தான் அந்தச் சொற்களுக்கு அளவைக் கொடுக்கின்றன. இந்த வரிசையில் 'பெரும்பாலோர்' ஒன்றுக்குத்தான் ஓரளவு உறுதியான கீழ் எல்லை உண்டு, அது பாதிக்கு மேல். அதுவும் 51 சதவீதத்தையும் 95 சதவீதத்தையும் ஒரே சொல்லால் மூடிவிடுகிறது.

அளவைச் சொல்வதோடு இந்தச் சொற்கள் நிற்பதில்லை, படிப்பவரின் பார்வையையும் திருப்புகின்றன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா மாக்சி, ஆண்டனி சான்ஃபோர்ட் ஆகிய உளவியலாளர்கள் இதை ஆங்கிலத்தில் நுட்பமாக ஆராய்ந்தார்கள். தமிழில் அதைப் பார்க்க ஒரே எழுத்து போதும். 'கூட்டத்துக்குச் சிலர் வந்தார்கள்' என்று ஒரு வாக்கியம் வந்தால், வந்தவர்கள் என்ன பேசினார்கள் என்று அடுத்த வாக்கியத்தை எதிர்பார்ப்போம். 'சிலரே வந்தார்கள்' என்றால், மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று மனம் கேட்கிறது. வந்த ஆட்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு கூட்டத்திலிருந்து சிலரைப் பிரித்துக் காட்டுவதால் இலக்கணம் இதைப் பிரிநிலை ஏகாரம் என்கிறது. பிரித்தவுடன் மீதிப் பேர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறார்கள். எண்ணோடு சேர்ந்தாலும் ஏகாரம் இதே வேலையைச் செய்யும்: '40 பேர் தேறினார்கள்' என்பது செய்தி, '40 பேரே தேறினார்கள்' என்பது தீர்ப்பு.

எல்லோரும் அறிந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் வென்ற பெண்கள் 74 பேர். அந்த முடிவுகளைச் சுருக்கி எழுதுபவர் 'ஏராளமான பெண்கள் மக்களவைக்குள் நுழைகிறார்கள்' என்று எழுதலாம். 74 பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் அது பெரிய கூட்டம்தான். 'விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களே வென்றார்கள்' என்றும் எழுதலாம். 543 இடங்களில் 74 என்பது ஏழு பேரில் ஒருவருக்கும் குறைவு, நாட்டிலோ மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். இரண்டு வாக்கியங்களில் எது பொய் என்று யாராலும் நிறுவ முடியாது. புள்ளிவிவரச் சுருக்கத்தில் அவை வரக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். பொய்யென்று காட்டவே வழியில்லாத வாக்கியத்தைப் படித்தவருக்குத் தகவல் என்று ஒன்றும் கிடைப்பதில்லை.

வகுக்கும் எண்ணை மாற்றினால் படமே மாறிவிடும். அந்தத் தேர்தலில் போட்டியிட்ட 8,300க்கும் மேற்பட்டவர்களில் பெண்கள் சுமார் 800 பேர்தான். அந்த 800 பேரில் 74 பேர் வென்றார்கள் என்றால் நூறுக்கு ஒன்பது பேர். மற்ற வேட்பாளர்கள் ஏழாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல், அவர்களில் வென்றவர்கள் 469 பேர், அதாவது நூறுக்கு ஆறு பேர். இடங்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெண்கள் குறைவு. வேட்பாளர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் நின்ற பெண்கள் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் வென்றிருக்கிறார்கள். தடை வாக்குப்பெட்டியில் இருந்ததா, சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்ததா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. பெரிய கட்சிகள் சீட்டு கொடுத்தவர்களையும் சுயேச்சைகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது. ஆனால் 'சிலரே வென்றார்கள்' என்று எழுதி முடித்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

'2024 தேர்தலில் மக்களவையின் 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர், அதாவது 14 சதவீதம். 2019 தேர்தலில் வென்றவர்கள் 78 பேர்.' இப்படி எழுதினால் வாக்கியம் ஒன்றும் நீண்டுவிடவில்லை. எண்ணிக்கை, மொத்தம், ஒப்பிட ஓர் அளவு என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. குறைவா, அதிகமா என்பதை இனி வாசகர் தாமே சொல்லிக்கொள்வார். மொத்தம் மிகச் சிறியதாக இருந்தால் சதவீதமும் வேண்டாம். எட்டுப் பேரில் மூவர் என்பதை 37.5 சதவீதம் என்று எழுதினால், இல்லாத துல்லியம் ஒன்று இருப்பதுபோலத் தோன்றிவிடும்.

அறிக்கைச் சுருக்கத்தில் கொஞ்சமும் பொருந்தாத சொல் 'எண்ணற்ற'. எண்ணுவதற்காகவே ஆட்களை அனுப்பி, படிவம் நிரப்பி, கூட்டிக் கழித்து அட்டவணை போட்ட பிறகு, முதல் பக்கத்தில் 'எண்ணற்ற குடும்பங்கள்' என்று எழுதினால் அந்த உழைப்பு முழுவதும் வீணாகிறது. எண்ணியிருந்தால் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். எண்ணவில்லை என்றால், எண்ணவில்லை என்று எழுத வேண்டும். ஐரோப்பிய மருந்துத் தாளில் அதற்கென்றே 'தெரியவில்லை' என்று ஆறாவது கட்டம் ஒன்று இருக்கிறது. கிடைத்த தகவலை வைத்து விகிதத்தை மதிப்பிட முடியாத பக்கவிளைவுகள் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் போகின்றன.